சதுரங்கக் கட்டமும் தானியமும்: இரட்டிப்பாகும் தொகைகளைக் கூட்டுவது எப்படி – முழுமையான வழிகாட்டி

முதல் கட்டத்தில் ஒரு தானியமணி, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. இப்படியே 64 கட்டங்களுக்கும் வைத்துக்கொண்டு போனால் மொத்தம் எத்தனை மணிகள்? இந்தக் கணக்கைப் புதிதாகப் போடுகிறவர்கள் சூத்திரத்தில் தடுமாறுவது குறைவு. சூத்திரத்துக்குள் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் கணிசமான இடம் சூத்திரத்தைத் தொடுவதற்கு முந்தைய வேலைக்கே போகிறது.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மூன்று எண்கள் வேண்டும். முதல் உறுப்பு a, அதாவது முதலில் வைக்கும் தொகை. பொது விகிதம் r, அதாவது ஒவ்வொரு முறையும் எத்தனை மடங்காகிறது என்பது. இரட்டிப்பு என்றால் அது 2. உறுப்புகளின் எண்ணிக்கை n, அதாவது மொத்தம் எத்தனை தொகைகளைக் கூட்டுகிறோம் என்பது.

இவற்றோடு 2-இன் அடுக்குகளில் சில மனப்பாடமாக இருந்தால் வேலை எளிது. 2¹⁰ = 1,024; 2¹⁶ = 65,536; 2²⁰ = 1,048,576. இந்த மூன்றும் போதும், மற்றவற்றை இவற்றிலிருந்தே கட்டிவிடலாம்.

காற்புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே எல்லா எண்களுக்கும் மூன்று மூன்று இலக்கமாகவே புள்ளி வைத்திருக்கிறேன். லட்சம், கோடி முறையில் வைத்தாலும் தவறில்லை. ஆனால் 20 இலக்க எண்ணைப் பெருக்கும்போது இரண்டு முறைகளையும் கலந்துவிட்டால் ஒரு இலக்கம் காணாமல் போவது நிச்சயம். தொடங்கும் முன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

## 2. கேள்வி எதைக் கேட்கிறது என்று பிரித்துப் பாருங்கள்

இரட்டிப்புக் கணக்கில் மூன்று விதமான கேள்விகள் வரும். மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், விடை மட்டும் வேறுவேறு.

முதலாவது, கடைசிக் கட்டத்தில் எத்தனை என்பது. இதற்குக் கூட்டலே தேவையில்லை. n-ஆவது கட்டத்தில் இருப்பது a × 2ⁿ⁻¹. சதுரங்கப் பலகையின் 64-ஆவது கட்டத்தில் மட்டும் 2⁶³ மணிகள்.

இரண்டாவது, எல்லாக் கட்டங்களிலும் சேர்த்து எத்தனை என்பது. இதற்குத்தான் பெருக்குத் தொடரின் கூடுதல் சூத்திரம்.

மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றும். இரட்டிப்பாகும் எண்ணே ஏற்கெனவே மொத்தமாக இருக்கும் கேள்வி அது. ஒரு குடுவையில் 100 பாக்டீரியாக்கள் இருக்கின்றன, மணிக்கு ஒருமுறை அவை இரட்டிப்பாகின்றன, 10 மணி நேரம் கழித்து எத்தனை? விடை 100 × 2¹⁰ = 102,400. இங்கே ஒவ்வொரு மணி நேரத்து எண்ணிக்கையையும் கூட்டினால் பழைய பாக்டீரியாக்களையே திரும்பத் திரும்ப எண்ணுகிறோம் என்று அர்த்தம்.

இதற்கு மாறாக, ஒரு காணொளியை முதல் நாள் 50 பேர் பார்த்தார்கள், ஒவ்வொரு நாளும் புதிதாகப் பார்ப்பவர்கள் முந்தைய நாளைப்போல் இரு மடங்கு என்றால் கூட்டத்தான் வேண்டும். நேற்று பார்த்தவர்கள் இன்றைய எண்ணுக்குள் இல்லை. தானியமும் அப்படியே: ஐந்தாவது கட்டத்தில் இருக்கும் 16 மணிகள் புதியவை, நான்காவது கட்டத்து 8 மணிகள் அங்கேயே கிடக்கின்றன.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அடுத்த எண்ணுக்குள் முந்தைய எண் அடங்கியிருக்கிறதா? அடங்கியிருந்தால் கூட்டாதீர்கள். தனித்தனியாக இருந்தால் கூட்டுங்கள்.

## 3. n-ஐ எண்ணுங்கள், ஊகிக்காதீர்கள்

நான் பார்த்தவரை தவறான விடைகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் பிறக்கின்றன. காரணம், “எத்தனை முறை இரட்டிப்பானது” என்பதும் “எத்தனை தொகைகள்” என்பதும் ஒன்று அல்ல. முதல் தொகை இரட்டிப்பாகி வந்தது அல்ல, அது தானாக வைக்கப்பட்டது. எனவே தொகைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டிப்புகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல்.

64 கட்டங்கள் என்றால் தொகைகள் 64, இரட்டிப்புகள் 63. கேள்வி கட்டங்களைச் சொல்வதால் n = 64 என்று நேரடியாக எடுக்கலாம். ஆனால் “3-இல் தொடங்கி 10 முறை இரட்டிப்பாக்கி, எல்லாவற்றையும் கூட்டுக” என்று கேள்வி வந்தால் n = 11. சரியான விடை 3 × 2,047 = 6,141. அவசரத்தில் n = 10 என்று போட்டால் 3 × 1,023 = 3,069 வரும், கிட்டத்தட்ட பாதி. கூட்டல் தொடரில் ஒரு உறுப்பு விட்டுப்போனால் விடை கொஞ்சம்தான் குறையும். இங்கே விட்டுப்போவது கடைசி உறுப்பு என்பதால் பாதியே போய்விடுகிறது.

நாட்களில் வரும் கேள்விகளிலும் இதே கவனம் வேண்டும். “5-ஆம் நாள் முதல் 20-ஆம் நாள் வரை” என்றால் 20 − 5 = 15 அல்ல, 16 நாட்கள். சந்தேகம் வந்தால் சிறிய எண்ணில் சோதியுங்கள்: 5 முதல் 7 வரை என்றால் 5, 6, 7, மூன்று நாட்கள்.

## 4. சூத்திரம், அது எங்கிருந்து வருகிறது

பொதுச் சூத்திரம் இது:

```
S = a × (r^n − 1) / (r − 1)
```

இரட்டிப்பில் r = 2 என்பதால் கீழே உள்ள r − 1 வெறும் 1 ஆகிவிடும். மிஞ்சுவது:

```
S = a × (2^n − 1)
```

இதை மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். எப்படி வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் எங்கே வேண்டுமானாலும் திரும்ப எழுதிக்கொள்ளலாம். மொத்தத்தை S என்று வைத்து, அதை அப்படியே இரண்டால் பெருக்கிக் கீழே எழுதுங்கள்:

```
 S = 1 + 2 + 4 + 8 + ... + 2^63
2S =     2 + 4 + 8 + ... + 2^63 + 2^64
```

இரண்டால் பெருக்கியதும் ஒவ்வொரு உறுப்பும் ஒரு இடம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது. நடுவில் இருப்பவை எல்லாம் இரண்டு வரிகளிலும் இருக்கின்றன. கீழ் வரியிலிருந்து மேல் வரியைக் கழித்தால் அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இடப்பக்கம் மிஞ்சுவது 2S − S, அதாவது S. வலப்பக்கம் மிஞ்சுவது கீழ் வரியின் கடைசி உறுப்பு 2⁶⁴, மேல் வரியின் முதல் உறுப்பு 1. ஆகவே S = 2⁶⁴ − 1.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அடுக்கில் 64 வந்திருக்கிறது, ஆனால் பலகையில் 2⁶⁴ மணிகள் கொண்ட கட்டமே கிடையாது. கடைசிக் கட்டம் 2⁶³. 2⁶⁴ என்பது 65-ஆவது கட்டம் ஒன்று இருந்திருந்தால் அங்கே வந்திருக்கும் தொகை. அதாவது, எந்த இடத்தில் நிறுத்தினாலும் அதுவரையிலான மொத்தம், அடுத்து வரவிருந்த தொகையைவிட ஒன்று குறைவு. இதை இப்படி நினைவில் வைத்தால் “அடுக்கு 63-ஆ, 64-ஆ” என்ற குழப்பம் வராது.

## 5. சிறிய பலகையில் ஒத்திகை

பெரிய எண்ணுக்குப் போகும் முன் நான்கே கட்டங்களில் சூத்திரத்தை ஓட்டிப் பாருங்கள். கையால் கூட்டினால் 1 + 2 + 4 + 8 = 15. சூத்திரப்படி 2⁴ − 1 = 15. சரி.

முதல் தொகை 1 இல்லாத இடத்திலும் ஒருமுறை பாருங்கள். 3 + 6 + 12 + 24 = 45. சூத்திரப்படி 3 × (16 − 1) = 45. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை அடைப்புக்குறியை விட்டுவிடுவது. 3 × 16 − 1 என்று போட்டால் 47 வரும். a எல்லாவற்றையும் பெருக்க வேண்டும், அந்த 1-ஐயும் சேர்த்து.

## 6. இப்போது 2⁶⁴

ஒன்றிலிருந்து தொடங்கி 64 முறை இரண்டால் பெருக்கலாம்தான். ஆனால் நடுவில் ஒரு இடத்தில் பிசகினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் பிசகு. அடுக்கை இரட்டிப்பதே நல்ல வழி: ஒரு அடுக்கை அதனாலேயே பெருக்கினால் அடுக்கெண் இரண்டு மடங்காகும். 2¹⁶-லிருந்து 2³²-க்கு ஒரு பெருக்கல், அங்கிருந்து 2⁶⁴-க்கு இன்னொரு பெருக்கல். மொத்தமே இரண்டு.

முதல் பெருக்கல்: 65,536 × 65,536 = 4,294,967,296. இது 2³². இதில் ஒன்றைக் கழித்தால் 4,294,967,295. பலகையின் முதல் பாதியில், அதாவது 32 கட்டங்களில் இருக்கும் மொத்த மணிகள் அவ்வளவுதான்.

இரண்டாவது பெருக்கல் பெரியது, எனவே எண்ணை இரண்டாக உடையுங்கள். 4,294,967,296 என்பது 4,294 மில்லியனும் 967,296-உம். (p + q)² = p² + 2pq + q² என்பதை வைத்து மூன்று துண்டுகளாகக் கணக்கிடலாம்:

```
p² : 4,294²              = 18,438,436      (பின்னால் 12 பூஜ்ஜியம்)
2pq: 2 × 4,294 × 967,296 = 8,307,138,048   (பின்னால் 6 பூஜ்ஜியம்)
q² : 967,296²            = 935,661,551,616
```

பூஜ்ஜியங்களைச் சேர்த்து, வலப்பக்கம் ஒழுங்காக ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டுங்கள்:

```
18,438,436,000,000,000,000
     8,307,138,048,000,000
           935,661,551,616
--------------------------
18,446,744,073,709,551,616
```

இது 2⁶⁴. ஒன்றைக் கழித்தால் பலகையின் மொத்தம்: 18,446,744,073,709,551,615. வாயால் சொல்ல வேண்டுமானால் ஏறத்தாழ 1 லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி.

துல்லியம் வேண்டாம், அளவு தெரிந்தால் போதும் என்றால் இத்தனை பாடு வேண்டியதில்லை. 2⁶⁴ = 2⁴ × (2¹⁰)⁶. 2¹⁰-ஐ ஆயிரம் என்று எடுத்தால் 16 × 10¹⁸. உண்மையில் அது 1,024 என்பதால் விடை இதைவிடக் கூட இருக்கும், 1.024-இன் ஆறாவது அடுக்கு ஏறத்தாழ 1.153, எனவே 18.4 × 10¹⁸. இந்தத் தோராயத்தைத் துல்லியக் கணக்கைத் தொடங்கும் முன்பே ஓரத்தில் எழுதி வையுங்கள். பூஜ்ஜியம் தவறினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

## 7. விடை சரிதானா என்று பார்ப்பது

கடைசி இலக்கம்: 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்ற வரிசையில் முடிந்துகொண்டே சுழலும். 64 நான்கால் மீதியின்றி வகுபடுவதால் 2⁶⁴ ஆறில் முடிய வேண்டும், மொத்தம் ஐந்தில் முடிய வேண்டும். நம் விடை 5-இல் முடிகிறது.

மூன்றால் வகுபடுதல்: n இரட்டைப்படையாக இருந்தால் 2ⁿ − 1 எப்போதும் 3-ஆல் வகுபடும். 1 + 2 = 3, அடுத்த ஜோடி 4 + 8 = 12, அதற்கடுத்தது 16 + 32 = 48; ஒவ்வொரு ஜோடியும் மூன்றின் மடங்கு. நம் விடையின் இலக்கங்களைக் கூட்டினால் 87 வருகிறது. 87 மூன்றால் வகுபடும், ஆகவே விடையும் வகுபடும். நடுவில் ஒரே ஒரு இலக்கம் தவறியிருந்தால் இந்தச் சோதனை பெரும்பாலும் பிடித்துவிடும். இடம் மாறி எழுதிய இரண்டு இலக்கங்களைப் பிடிக்காது, ஏனென்றால் கூட்டுத்தொகை மாறுவதில்லை.

## 8. கணினியிடம் கொடுக்கும்போது

விரிதாளில் `=2^64-1` என்று தட்டி, விடையை முழு எண்ணாகக் காட்டச் சொன்னால் 18446744073709600000 என்று வரும். கடைசியில் பூஜ்ஜியங்களைப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும், 2⁶⁴ − 1 ஒற்றைப்படை எண்ணாயிற்றே. விரிதாள் 15 இலக்கங்களுக்கு மேல் காட்டுவதில்லை. உள்ளே வைத்திருக்கும் எண்ணும் துல்லியமானதல்ல: அது பயன்படுத்தும் தசம எண் வடிவத்தில் 2⁵³ வரைதான் எல்லா முழு எண்களும் பிசகின்றி அடங்கும். 2⁶⁴-லிருந்து 1-ஐக் கழித்தால், அந்தக் கழித்தலே அங்கே பதிவாகாது. பையில் வைத்திருக்கும் சிறிய கால்குலேட்டரும் இதே ரகம்தான், பத்துப் பன்னிரண்டு இலக்கங்களோடு நின்றுவிடும்.

பைத்தானில் முழு எண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை:

```
a, r, n = 1, 2, 64
print(a * (r**n - 1) // (r - 1))
```

இதில் இரண்டு இடங்களில் வழுக்கும். வகுத்தலுக்கு `//` வேண்டும். ஒற்றை `/` போட்டால் விடை தசம எண்ணாக மாறி 1.8446744073709552e+19 என்று வந்துவிடும். அப்புறம், அடுக்குக்கு `**`. விரிதாள் பழக்கத்தில் `2^64` என்று எழுதினால் பைத்தான் பிழை எதுவும் சொல்லாமல் 66 என்று விடை தரும், ஏனென்றால் அங்கே `^` என்பது பிட்டுகளை ஒப்பிடும் வேறொரு செயல்.

## 9. கேள்வியைத் திருப்பிப் போட்டால்

“மொத்தம் பத்து லட்சத்தைத் தாண்ட எத்தனை கட்டங்கள் வேண்டும்?” இங்கே S தெரியும், n தெரியாது. முதல் தொகை 5 என்று வைத்துக்கொள்வோம்.

5 × (2ⁿ − 1) > 1,000,000 என்று எழுதுங்கள். இருபுறமும் 5-ஆல் வகுத்தால் 2ⁿ − 1 > 200,000, அதாவது 2ⁿ > 200,001. இப்போது அடுக்குகளில் தேடுங்கள்: 2¹⁷ = 131,072 போதாது, 2¹⁸ = 262,144 போதும். விடை 18 கட்டங்கள்.

மடக்கை தெரிந்தவர்கள் அதை வைத்தும் போடலாம், 17.6 என்று வரும். அதைக் கிட்டத்தில் உள்ள முழு எண்ணுக்கு மாற்றாமல் எப்போதும் மேலே உள்ள முழு எண்ணுக்கே கொண்டுபோக வேண்டும். 17.1 என்று வந்திருந்தாலும் 18-தான், ஏனெனில் 17-இல் இலக்கு இன்னும் எட்டவில்லை. விடையை இருபுறமும் சரிபார்த்துவிடுங்கள்: 17 கட்டங்களில் 655,355, 18 கட்டங்களில் 1,310,715. இலக்கு இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

## 10. நடுவிலிருந்து கூட்டுவது

21-ஆவது கட்டம் முதல் 40-ஆவது கட்டம் வரை மட்டும் வேண்டும் என்றால், 40 வரையிலான மொத்தத்திலிருந்து 20 வரையிலான மொத்தத்தைக் கழியுங்கள். (2⁴⁰ − 1) − (2²⁰ − 1) என்பதில் இரண்டு ஒன்றுகளும் அடிபட்டு 2⁴⁰ − 2²⁰ மிஞ்சும். எண்ணாக 1,099,511,627,776 − 1,048,576 = 1,099,510,579,200.

கழிக்க வேண்டியது 20 வரையிலான மொத்தம், 21 வரையிலானது அல்ல. 21-ஐக் கழித்தால் வேண்டிய முதல் கட்டமே போய்விடும். இன்னொரு வழி, 21-ஆவது கட்டத்தின் 2²⁰-ஐயே a ஆக எடுத்து, n = 20 என்று சூத்திரத்தில் போடுவது: 2²⁰ × (2²⁰ − 1). அதே விடை. இரண்டு வழியிலும் போட்டுப் பார்த்து ஒத்துப்போனால் எண்ணிக்கையில் பிழையில்லை என்று நம்பலாம்.

## 11. எடையாக மாற்றும்போது

தானிய மொத்தத்தைச் சொன்னதும் அடுத்து “அது எத்தனை டன்?” என்று கேட்பார்கள். ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 40,000 மணிகள். மொத்தத்தை 40,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4.6 × 10¹⁴ கிலோ, அதாவது 46,000 கோடி டன்.

இந்த விடையில் இரண்டு இலக்கங்களுக்கு மேல் எழுதாதீர்கள். மணிகளின் எண்ணிக்கை 20 இலக்கம் வரை துல்லியம், ஆனால் 25 மில்லிகிராம் என்பது நாம் வைத்துக்கொண்ட எண். அதை 30 என்று வைத்தால் விடை 55,000 கோடி டன்னாக மாறிவிடும்.

## 12. மும்மடங்கானால்

r = 3 என்றால் கீழே உள்ள r − 1 இனி மறையாது, அது 2. ஐந்து கட்டங்களில் 1 + 3 + 9 + 27 + 81 = 121; சூத்திரப்படி (243 − 1) / 2 = 121. இரட்டிப்புக்குப் பழகிய கை அந்த வகுத்தலை மறந்து 242 என்று எழுதிவிடும். r = 1 என்றால் கீழே பூஜ்ஜியம் வந்து சூத்திரமே செல்லாது. அப்போது எல்லாத் தொகையும் ஒன்றே என்பதால் a × n என்று பெருக்கினால் போதும்.